kalvettu, kalveddu, கல்வெட்டு: ஆங்கில எழுத்தில் தமிழ் தேடுபவருக்கு எந்தப் பக்கத்தைக் காட்டுவது?

வெள்ளவத்தையில் உள்ள ஒரு சிறிய அச்சகத்தின் இணையத்தளத்தைத் திருத்தி எழுதிக் கொடுக்கும் வேலை. கலியாணக் காட், பில் புத்தகம், சாமத்தியவீட்டு அழைப்பிதழ் எல்லாம் அடிக்கிறார்கள். ஆனால் மாதம் தவறாமல் வருமானம் தருவது கல்வெட்டுத்தான். தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே கல்வெட்டு என்றால், ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருவோரின் கையில் கொடுக்கும் நினைவுப் புத்தகம். முன்னட்டையில் இறந்தவரின் படம், உள்ளே வாழ்க்கைக் குறிப்பு, தேவார திருவாசகம், பிள்ளைகளின் புலம்பல், வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். பெரும்பாலும் ஏ5 அளவு. நடுவில் பின் அடிப்பதால் பக்கங்கள் 16, 20, 24 என்று நாலின் மடங்காகவே போகும்.

அச்சக முதலாளியின் முறைப்பாடு ஒரே வசனம்: "தம்பி, தமிழில அடிச்சா எங்கட பக்கம் வருது, ஆனா ஆக்கள் தமிழில அடிக்கிறேல்லையே!"

அவர் சொன்னது சரி. கல்வெட்டு ஓடர் கொடுப்பவர் பெரும்பாலும் குடும்பத்தின் மூத்தவர் அல்ல. ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் மகன், அல்லது கொழும்பிலேயே வங்கியில் வேலை செய்யும் மருமகள். கைபேசியில் இருப்பது ஆங்கில விசைப்பலகை. `kalveddu printing colombo` என்று அடித்து, வரும் முதல் இரண்டு மூன்று இடத்துக்கு அழைத்து விலை கேட்பார்கள். செத்தவீடு முடிந்த களைப்பில் ஒரு கிழமை போய்விடும். வாழ்க்கைக் குறிப்பு எழுதி, மாமாமார் பார்த்துத் திருத்தி, அச்சுப் பிழை பார்த்து முடிக்க இன்னும் இரண்டு கிழமை வேண்டும். ஆகவே தேடல் நடப்பது சில நாட்களுக்குள்தான். அந்த நாட்களில் கண்ணில் படாத அச்சகம் அந்த ஓடரைத் திரும்பப் பார்க்கப் போவதில்லை.

இதற்குப் பலரும் சொல்லும் வழிகள் நாலு. ஒன்றும் செய்யாமல் தேடுபொறியை நம்புவது ஒன்று. முழுப் பக்கத்தையும் ஆங்கில எழுத்துத் தமிழில் இன்னொரு தடவை எழுதுவது அடுத்தது. கண்ணுக்குத் தெரியாத இடங்களில் எல்லா எழுத்துக்கூட்டலையும் திணிப்பது மூன்றாவது. வாசகர் பார்க்கும் உரையிலேயே ஓரிரு இடத்தில் சேர்ப்பது நாலாவது. நான் பிடிப்பது நாலாவது வழியை, அதுவும் ஒரு திருத்தத்தோடு. கொழும்புக் கடைகளுக்கு ஏற்கெனவே ஓர் ஆங்கிலப் பக்கம் இருந்தால், பாரத்தில் பாதிக்கு மேல் அதன்மேல்தான் ஏற்றவேண்டும்.

முதலில் பாமினியைப் பாருங்கள்

எந்த வழியைத் தெரிவதற்கு முன்னும், தளத்தில் உள்ள தமிழ் உண்மையிலேயே தமிழாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கொழும்பு, யாழ்ப்பாண அச்சகங்களில் இன்றைக்கும் பாமினி எழுத்துருவில்தான் பாதி வேலை நடக்கிறது. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துக் காட்டும் பழைய முறை. திரையில் கல்வெட்டு என்று தெரியும். ஆனால் கோப்பினுள் இருப்பது இது:

```
fy;ntl;L
```

தேடுபொறிக்கு எழுத்துருவின் வடிவம் தெரியாது. அது வாசிப்பது மேலே உள்ள குறிகளைத்தான். இப்படி எழுதிய பக்கத்தை `kalvettu` என்று தேடினாலும் கிடைக்காது, கல்வெட்டு என்று தமிழில் தேடினாலும் கிடைக்காது. இந்த அச்சகத்தின் தளத்தில் சேவைப் பக்கம் யுனிகோடில் இருந்தது. மாதிரிகள் என்று ஏற்றியிருந்த பி.டி.எப். கோப்புகள் எல்லாம் பாமினி. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பக்கத்திலிருந்து ஒரு வரியைப் பிரதி எடுத்து, கைபேசியில் வெறும் குறிப்பேட்டில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே விழுந்தால் சரி. அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாக விழுந்தால், மற்ற எல்லாவற்றையும் வைத்துவிட்டு அதை யுனிகோடுக்கு மாற்றுங்கள்.

தேடுபொறியை நம்பினால் எவ்வளவு தூரம் போகலாம்

ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்ச் சொல்லைத் தமிழ் எழுத்துப் பக்கத்தோடு பொருத்துவதை கூகுள் ஓரளவு செய்கிறது. ஊரறிந்த சொற்களில், நடிகர் பெயரில், கோயில் பெயரில், சமையல் குறிப்பில் அது நன்றாகவே நடக்கிறது. அதிகம் பேர் தேடுகிறார்கள், அதிகம் பக்கங்களில் இரண்டு வடிவமும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. உங்கள் பொருள் அப்படிப்பட்டது என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதும் நியாயமான தெரிவுதான், செலவு இல்லை.

கல்வெட்டில் சிக்கல் வேறு. `kalvettu` என்பது கல்வெட்டு என்று தேடுபொறிக்குப் புரிந்துவிடுகிறது. புரிந்த பிறகு அது காட்டுவது சோழர் காலச் சாசனங்களை. உலகத்தில் உள்ள தமிழ்ப் பக்கங்களில் பெரும்பங்கு கல்வெட்டு என்று சொல்வது கல்லில் வெட்டிய எழுத்தைத்தான். அந்தியேட்டிப் புத்தகம் என்ற பொருள் ஈழத் தமிழருக்கு மட்டும் உரியது. ஆகவே எழுத்து மாற்றம் சரியாக நடந்தும் ஆள் தவறான வாசலுக்குப் போய்விடுகிறார். இந்த இடத்தில் `kalvettu` என்ற ஒற்றைச் சொல்லுக்காகப் போட்டி போடுவது வீண். அந்தச் சொல்லோடு சேர்த்து அடிக்கப்படும் சொற்களில்தான் நமக்கு இடம் இருக்கிறது: `printing`, `design`, `anthiyeddi`, `31st day`, `colombo`, `wellawatte`.

இதைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். இந்தத் துணைச் சொற்களில் பெரும்பாலானவை ஆங்கிலமே. கொழும்பில் ஒருவர் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கும்போது முழு வசனமும் தமிழாக அடிப்பது அரிது. ஒரு தமிழ்ப் பெயர்ச்சொல், மற்றதெல்லாம் ஆங்கிலம், கடைசியில் ஊர்ப் பெயர். `achchadikkum idam` என்று யாரும் தேடுவதை நான் கண்டதில்லை. ஆகவே எழுத்துக்கூட்ட வேண்டிய தமிழ்ச் சொற்கள் ஒரு பக்கத்தில் இரண்டோ மூன்றோதான். இந்த ஒரு உண்மை வேலையைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

முழுப் பக்கத்தையும் ஆங்கில எழுத்தில் எழுதுவது

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆங்கில எழுத்தில் தேடுகிறவருக்கு ஆங்கில எழுத்திலேயே ஒரு பக்கம் கொடுத்தால் என்ன? தொழில்நுட்பத்தில் தடை இல்லை. அந்த மொழி வடிவத்துக்கு `ta-Latn` என்று முறையான குறியீடே இருக்கிறது. ஆனால் தேடுவதற்கு ஆங்கில எழுத்தைப் பாவிப்பவர் வாசிப்பதற்கும் அதையே விரும்புகிறார் என்று எடுத்துக்கொள்வது பிழை. அவர் அப்படி அடிப்பது விசைப்பலகையை மாற்றும் சோம்பலால். தமிழ் நன்றாக வாசிப்பவராகவும் இருக்கலாம். அவருக்கு `engal achchagaththil kurugiya kaalaththil kalvettugal siranda muraiyil` என்று ஒரு பந்தி கொடுத்துப் பாருங்கள். மூன்றாவது சொல்லில் கண் களைத்துவிடும். இழப்பு வீட்டுக்காரரிடம் பேசும் ஒரு பக்கம் வட்ஸ்அப் அரட்டை போலத் தெரிந்தால் மரியாதையும் இல்லை.

இரண்டாவது பிரச்சினை, இயந்திரத்துக்கும் அது எந்த மொழி என்று விளங்குவது கடினம். பக்கத்தின் மொழியைத் தீர்மானிக்க `lang` குறியையோ முகவரியையோ பார்ப்பதில்லை, கண்ணுக்குத் தெரியும் உரையை மட்டுமே பார்க்கிறோம் என்று கூகுள் தன் வழிகாட்டியில் சொல்கிறது. நீங்கள் `ta-Latn` என்று எழுதி வைத்தாலும் தேடுபொறி அதை அப்படியே எடுத்துக்கொள்ளும் என்று நம்ப இடமில்லை. கூகுள் வெளியிட்ட CLD3 என்ற மொழிகாணியில் ஆங்கில எழுத்து ஹிந்திக்குத் தனி இடம் உண்டு, தமிழுக்கு இல்லை என்பதையும் ஓர் அறிகுறியாகவே எடுக்கிறேன்.

தமிழ் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது என்ற வெளிநாட்டுப் பிள்ளைகள்? அவர்கள் உண்மையான வாசகர்கள்தான். ஆனால் அவர்களுக்கு வேண்டியது நேரான ஆங்கிலப் பக்கம். விலை, பக்க எண்ணிக்கை, எத்தனை நாள், காசு எப்படி அனுப்புவது என்பதை அவர்கள் ஆங்கிலத்தில்தான் வசதியாக வாசிக்கிறார்கள். அந்த ஆங்கிலப் பக்கத்தில் `kalvettu` என்ற சொல் எந்த உறுத்தலும் இல்லாமல் உட்காரும், ஏனென்றால் அதற்கு ஆங்கிலத்தில் பொருத்தமான வேறு சொல் கிடையாது. மூன்றாவது பக்கம் ஒன்றை உருவாக்கி, விலை மாறும்போதெல்லாம் மூன்று இடத்தில் திருத்துவதை விட இது நூறு மடங்கு மேல்.

ஒளித்து வைப்பது

இதற்கு அதிக நேரம் தேவையில்லை. `meta keywords` என்ற குறியை வலைத் தேடல் வரிசைக்குத் தாம் பாவிப்பதில்லை என்று கூகுள் 2009 செப்டெம்பரிலேயே அறிவித்துவிட்டது. இன்றும் சிலர் அதில் முப்பது எழுத்துக்கூட்டலைப் போட்டுக் காசு வாங்குகிறார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து, பக்கத்தின் அடியில் குறிச்சொல் குவியல் என்பவை கூகுளின் எரித விதிகளில் பெயர் சொல்லித் தடை செய்யப்பட்டவை. இவற்றால் பக்கம் பின்னுக்குத் தள்ளப்படலாம், சில சமயம் தேடலிலிருந்தே போய்விடலாம். ஒளிப்பதற்கு வேறு பெயர் வைத்து, படத்தின் `alt` உரையில் எல்லாவற்றையும் கொட்டுவதும் அதே கதைதான். அந்த உரை பார்வையற்றவருக்காகத் திரைவாசிப்பான் சத்தமாக வாசிப்பது. `kalvettu kalveddu kalvetu kalwettu` என்று அது ஒப்புவித்தால் கேட்பவர் கதி என்ன?

தெரியும் உரையில் சேர்ப்பது: எத்தனை, எவை

இங்கேதான் எழுதுபவரின் கை தேவைப்படுகிறது. முதல் கேள்வி, எந்த எழுத்துக்கூட்டல்.

தமிழில் ஒரு எழுத்துக்குப் பல ஒலி, ஆங்கிலத்தில் ஒரு ஒலிக்குப் பல எழுத்து. ஆகவே எந்தத் தமிழ்ச் சொல்லும் ஐந்தாறு விதமாக எழுதப்படும். ஆனால் வேறுபாடுகள் எல்லாம் ஒரே எடை அல்ல. `kalvetu` என்று ஒரு எழுத்தை விட்டவரையும் `kalwettu` என்று அடித்தவரையும் தேடுபொறி எழுத்துப்பிழைத் திருத்தத்தாலேயே பெரும்பாலும் வழிக்குக் கொண்டுவந்துவிடும். பிரச்சினை தருவது முறை வேறுபாடு. ட்ட என்பதைத் தமிழ்நாட்டார் `tt` என்று எழுதுவார்கள். நாங்கள் வட்டுக்கோட்டையை Vaddukoddai என்று எழுதிப் பழகியவர்கள். எங்களுக்கு `dd` கையில் ஊறியது. ஆகவே `kalvettu`, `kalveddu` இரண்டும் பிழையல்ல, இரண்டு பழக்கம். அதேபோல அந்தியேட்டி ஒருவர் கையில் `anthiyeddi`, இன்னொருவர் கையில் `anthiyetti`. த-வுக்கு `th` போடுவதில் இங்கே பெரிய சண்டை இல்லை.

நான் வைத்திருக்கும் வழக்கம்: ஒரு சொல்லுக்கு இரண்டு வடிவம், அதற்கு மேல் இல்லை. இரண்டும் முறையால் வேறுபட்டவையாக இருக்கவேண்டும், வெறும் எழுத்து விடுபடலால் அல்ல.

அந்த இரண்டையும் எங்கிருந்து எடுப்பது? கூகுளின் சேர்ச் கொன்சோல் என்று எல்லாரும் சொல்வார்கள். சிறிய தளங்களுக்கு அதில் ஒரு ஓட்டை உண்டு. மிகச் சிலரே தேடிய சொற்றொடர்களை அது தனியுரிமைக்காக மறைத்துவிடும். ஊருக்குள் மட்டும் தெரிந்த ஓர் அச்சகத்துக்கு வரும் ஆங்கில எழுத்துத் தேடல்கள் பெரும்பாலும் அந்த மறைவில்தான் போய் விழும். பட்டியலில் காணோம் என்பதால் யாரும் தேடவில்லை என்று முடிவு கட்டக்கூடாது.

அதை விட நல்ல ஊற்று அச்சகத்தின் வட்ஸ்அப். வாடிக்கையாளர் முதலில் அனுப்பும் செய்தியில் தன் கைப் பழக்கப்படியே எழுதுகிறார்: `Anna kalveddu 150 copy adikka evvalavu?` ஓடர்கள் வரும் கைபேசியிலேயே, அரட்டைப் பட்டியலின் மேலே உள்ள தேடல் பெட்டியில் `kalve` என்று அடித்தால் எல்லா அரட்டையிலும் உள்ளவை வந்து நிற்கும். அதையே பார்த்துத் தாளில் கோடு போட்டு எண்ணினால் போதும். அந்தச் செய்திகளில் இறந்தவர் பெயரும் வீட்டு விலாசமும் இருக்கும். ஆகவே கோப்பாக ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லாதீர்கள், அச்சகத்துக்குப் போய் அவர்கள் முன்னாலேயே எண்ணுங்கள். இந்த அச்சகத்தில் `dd` தெளிவாக முன்னுக்கு நின்றது. வாடிக்கையாளர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்து வேர் உள்ளவர்கள் என்பதால் அது வியப்பல்ல. கொட்டாஞ்சேனையில், மலையகத்து ஆட்கள் அதிகம் வரும் ஒரு கடைக்கு `tt` முன்னுக்கு வரலாம். எண்ணிப் பார்க்காமல் சொல்லக்கூடாது.

ஊர்ப் பெயருக்கு இந்தக் கணக்கு வேண்டாம். வெள்ளவத்தை என்பதை `vellavaththai` என்று யாரும் கூட்டிக்கொண்டிருப்பதில்லை. பஸ் பலகையிலும் தெருப் பலகையிலும் Wellawatte என்று பார்த்துப் பார்த்து அதுவே கையில் வருகிறது. கொட்டாஞ்சேனைக்கு Kotahena, புறக்கோட்டைக்கு Pettah. புறக்கோட்டைக்கும் Pettah-வுக்கும் ஒலியளவில் கூட உறவு இல்லை, ஆகவே தேடுபொறி எழுத்து மாற்றிப் பிடிக்கும் என்று நம்பவும் முடியாது. நிலைத்த ஆங்கில வடிவத்தை முகவரியிலும் ஒரு வசனத்திலும் நேராக எழுதிவிடுங்கள்.

அடுத்த கேள்வி, எங்கே வைப்பது. பலரும் முதலில் கை வைப்பது தலைப்புக் குறியில். அங்கே ஒரு பொறி இருக்கிறது. பக்கம் ஒரு எழுத்தில், தலைப்பு இன்னொரு எழுத்தில் இருந்தால், முடிவுகளில் தெரியும் தலைப்பைத் தானே மாற்றிக் காட்டுவேன் என்று கூகுள் 2022 ஜூனில் அறிவித்தது. அறிவிப்பில் காட்டிய உதாரணமே ஆங்கில எழுத்தில் தலைப்பு வைத்த ஹிந்திப் பக்கம்தான். தமிழ்ப் பக்கத்துக்கு `Kalvettu Printing Colombo` என்று மட்டும் தலைப்பு வைத்தால், உள்ளே உள்ள தமிழ்த் தலைப்பு அதன் இடத்தில் வந்து நிற்கலாம். இரண்டு எழுத்திலும் ஒரே விடயத்தைத் திருப்பிச் சொன்னாலும் ஒரு பாதியை வெட்டிக் காட்டலாம். அதனால் தமிழ்ப் பக்கத்தின் தலைப்பைத் தமிழாகவே தொடங்கி, ஆங்கில எழுத்துப் பகுதியில் புதிதாக ஒன்றைச் சொல்ல வைத்தேன்:

```html
<title>கல்வெட்டு, நினைவு மலர் அச்சிடல் | Kalveddu, Wellawatte</title>
<h1>அந்தியேட்டிக்கான கல்வெட்டு, நினைவு மலர் அச்சிடல்</h1>
```

பின்பாதி வெட்டுப்பட்டாலும் நட்டமில்லை. தமிழ் வாசகருக்கு முன்பாதி போதும், ஆங்கில வாசகருக்கு வேறு பக்கம் இருக்கிறது. பழைய தலைப்பு "எமது சேவைகள்" என்று இருந்தது. அதை மாற்றியதுதான் தமிழில் தேடியவருக்கும் பெரிய உதவி.

முகவரியை `/kalvettu/` என்று வைத்தோம். தமிழ் முகவரி அழகுதான். ஆனால் கல்வெட்டு என்ற சொல்லில் ஒன்பது குறியீடுகள் இருக்கின்றன. மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படும். ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் `%E0` போன்ற மூன்று எழுத்து. ஒரு சொல்லுக்கு 81 எழுத்து! அதை வட்ஸ்அப்பில் ஒட்டி ரொறன்ரோவுக்கு அனுப்பினால் மோசடி இணைப்பு என்று நினைத்து அழித்துவிடுவார்கள். ஆங்கில எழுத்து முகவரி தேடல் வரிசையில் உங்களை உயர்த்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். முகவரியில் உள்ள சொற்களுக்குத் தரவரிசையில் அநேகமாக ஒரு பலனும் இல்லை என்று கூகுளே சொல்கிறது. மனிதர் பகிர்வதற்காக மட்டுமே இது. பழைய முகவரி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் 301 திருப்புதல் போடாமல் மாற்றவேண்டாம்.

இனி உடல் உரை. எல்லா இடத்திலும் கல்வெட்டு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு ஆங்கில எழுத்தைச் செருகுவதுதான் வழமையான கைவைத்தியம். இரண்டாம் தடவையே அது வாசிப்பவரின் காலில் இடறும். நான் கண்ட மிகச் சிறந்த இடம் கேள்வி பதில் பகுதி. அங்கே கேள்வியை வாடிக்கையாளர் வட்ஸ்அப்பில் கேட்டபடியே, அவருடைய எழுத்திலேயே விடலாம். பதிலைத் தமிழில் எழுதலாம். உறுத்தாது, ஏனென்றால் அது உண்மையில் ஒருவர் கேட்கும் விதம்:

```html
<h3>Kalveddu adikka eththinai naal venum?</h3>
<p>உரை உறுதியான நாளிலிருந்து நாலு வேலை நாள். 24 பக்கத்துக்கு
மேல் அல்லது வண்ண உட்பக்கங்கள் என்றால் ஆறு நாள்.</p>
<h3>Toronto-வில் இருந்து anthiyeddi kalvettu order பண்ணலாமா?</h3>
```

இரண்டு கேள்வியில் `dd`, `tt` இரண்டும், அந்தியேட்டியும், ஊரும் வந்துவிட்டன. முதல் கேள்விக்கு உண்மையான விடை இருக்கிறது என்பதே முக்கியம். விடையில்லாமல் எழுத்துக்கூட்டலுக்காக மட்டும் ஒரு கேள்வி வைத்தால் அது ஒளித்து வைப்பதன் தம்பிதான். இதற்கு கேள்வி பதில் குறிமுறை போடச் சொல்லி யாராவது தொகை கேட்டால் கொடுக்காதீர்கள். தேடல் முடிவில் கேள்விகள் விரிந்து தெரியும் அந்த வசதியை கூகுள் 2023 ஓகஸ்டில் பெயர்பெற்ற அரச, சுகாதாரத் தளங்களுக்கு என்று சுருக்கிவிட்டது.

இன்னொரு நல்ல இடம் மாதிரிப் படங்களின் கீழ்க்குறிப்பு. கல்வெட்டு அடிப்பவர்கள் முதலில் அட்டை மாதிரி பார்க்கவே வருகிறார்கள், `kalvettu design` என்று படத் தேடலிலும் தேடுகிறார்கள். "Kalvettu முன்னட்டை மாதிரி, 16 பக்கம், மங்கல் தாள்" என்று படத்தின் கீழே எழுதினால் வாசிப்பவருக்கும் பயன். உண்மையான குடும்பம் ஒன்றின் கல்வெட்டை அவர்களைக் கேட்காமல் மாதிரியாக ஏற்றக்கூடாது என்று முதலாளியிடம் சொல்லவேண்டி வந்தது. பெயரும் படமும் மாற்றிய மாதிரிகளைச் செய்து தந்தார்.

ஆங்கிலப் பக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால்

தமிழ்ப் பக்கத்தில் இவ்வளவுதான் இடம்: தலைப்பின் பின்பாதி, இரண்டு கேள்வி, இரண்டு மூன்று படக்குறிப்பு. மற்றதெல்லாம் ஆங்கிலப் பக்கத்தின் வேலை. அதன் தலைப்பு முழுதும் ஆங்கிலம் என்பதால் மாற்றப்படும் பயம் இல்லை. முதல் பந்தியிலேயே கல்வெட்டு என்றால் என்ன என்று ஒரு வசனம் எழுதினோம்: முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகம், அந்தியேட்டிக்குக் கொடுப்பது. அந்த ஒரு வசனம் தேடுபொறிக்குச் சோழர் சாசனத்திலிருந்து எங்களைப் பிரித்துக் காட்டுகிறது, தமிழ் பேசாத மருமகனுக்கும் விளக்குகிறது. அதில் `kalvettu` முக்கிய வடிவம், `kalveddu` இரண்டாவதாக ஒரு தடவை. தமிழ்ப் பக்கத்தில் முன்னுரிமையை மாற்றி வைத்ததால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று நிரப்புகின்றன.

இரண்டையும் `hreflang` குறியால் இணைக்கும்போது பலர் `ta-LK`, `en-LK` என்று போடுவார்கள். உள்ளூருக்கு மட்டும் விற்பவருக்குச் சரி. கனடாவிலிருந்து ஓடர் வேண்டுமென்றால் நாட்டை விட்டுவிட்டு வெறும் `ta`, `en` போடுங்கள். இரண்டு பக்கத்திலும் இரண்டு வரியும் இருக்கவேண்டும். ஒரு பக்கம் மற்றதைக் காட்டாவிட்டால் கூகுள் அந்த இணைப்பைக் கணக்கில் எடுக்காது.

ஆங்கிலப் பக்கமே இல்லாத, வைக்கவும் வசதியில்லாத கடைக்கு? அப்போது தமிழ்ப் பக்கத்தின் முதல் பந்தியின் முடிவில் ஓர் ஆங்கில வசனம் போதும், தனிப் பந்தியாக. தமிழும் ஆங்கிலமும் பந்திக்குப் பந்தி மாறி மாறி வரும் பக்கம் இரண்டு பேருக்கும் உதவாது.

கூகுள் வரைபடத்தில் உள்ள வணிகக் குறிப்பையும் கையோடு பாருங்கள். கொழும்பில் ஊர்ப் பெயரோடு தேடுபவருக்கு முதலில் தெரிவது அதுதான். கடைப் பெயரில் `Kalvettu Printing` என்று ஒட்டுவது விதிமீறல். பெயர்ப் பலகையில் உள்ள பெயர்தான் அங்கே இருக்கவேண்டும். விவரணத்துக்கு 750 எழுத்து இடம் உண்டு, `kalvettu` அங்கே ஒரு தடவை வரலாம். வாடிக்கையாளர் எழுதும் கருத்துரைகளில் அவர்களுடைய எழுத்துக்கூட்டல் தானாகவே வந்து சேரும். அதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

பலன் வந்ததா என்று எப்படிப் பார்ப்பது

திருத்தும் முன்பே, தனிப்பட்ட சாளரத்தில் அந்த மூன்று நாலு சொற்றொடரையும் தேடி, எந்த இடத்தில் நிற்கிறீர்கள், மேலே என்ன வகைப் பக்கங்கள் நிற்கின்றன என்று திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். திருத்திய பிறகு சேர்ச் கொன்சோலில் முகவரிச் சோதனை செய்து மறுபடி அட்டவணைப்படுத்தக் கேளுங்கள். பிறகு `site:` போட்டு உங்கள் தளத்துக்குள் `kalveddu` என்று தேடினால் பக்கம் வருகிறதா பாருங்கள். அது வரவில்லையென்றால் இன்னும் வாசிக்கப்படவில்லை, வரிசையைப் பற்றிக் கவலைப்பட நேரம் வரவில்லை.

சில கிழமை கழித்து, செயல்திறன் அறிக்கையில் வினவல் வடிகட்டியை regex வகைக்கு மாற்றி இந்தக் கோவையைக் கொடுத்தால் எல்லா எழுத்துக்கூட்டலும் ஒன்றாக விழும்:

```
kal+[vw]e[td]+u
```

அதில் தோன்றல் எண்ணிக்கை கூடியும் சொடுக்கு கூடவில்லையென்றால், வரும் சொற்றொடர்களை ஒவ்வொன்றாக வாசியுங்கள். `kalvettu meaning`, `kalvettu in tamil` போன்றவையாக இருந்தால் அவர்கள் சாசனம் தேடி வந்த மாணவர்கள், உங்கள் ஆட்கள் அல்ல. அதற்காக எதையும் மாற்றவேண்டாம். `printing`, `colombo` சேர்ந்தவற்றில் தோன்றியும் சொடுக்காமல் போகிறார்கள் என்றால் குறை முடிவில் தெரியும் தலைப்பிலோ கீழே உள்ள இரண்டு வரியிலோ இருக்கிறது. அந்த வரியில் எத்தனை நாளில் கிடைக்கும் என்பதை எழுதிப் பாருங்கள்.

அறிக்கையில் சொற்றொடர்களே காட்டாமல் மொத்தச் சொடுக்கு மட்டும் ஏறியிருந்தால், அது மறைக்கப்பட்ட தேடல்களின் பங்காக இருக்கலாம். அப்போது வட்ஸ்அப்புக்கே திரும்பவேண்டும். இந்த அச்சகத்தில் இப்போது வரும் அழைப்புகளுக்கு "எங்க பாத்தனீங்கள்?" என்று ஒரு கேள்வியும், ஓடர் புத்தகத்தில் அதற்கு ஒரு நிரலும் சேர்த்திருக்கிறார்கள்.

அச்சகத்தின் அடுத்த பக்கம் பூப்புனித நீராட்டு அழைப்பிதழ். அதற்கு இந்த வழி அப்படியே பொருந்தாது. `saamathiya veedu`, `poopunitha neerattu`, `puberty ceremony card` என்று அங்கே சொல்லே மூன்று, ஒவ்வொன்றுக்கும் கூட்டல் வேறு. அங்கே தமிழ்ப் பக்கத்தில் எழுத்துக்கூட்டலைத் தொடாமல், எல்லாவற்றையும் ஆங்கிலப் பக்கத்துக்கே விடும்படி சொல்லியிருக்கிறேன்.